டுடெர்டே நடத்தியது ‘போர்’... ஆனால் வழக்கு போர்க்குற்றம் இல்லை, ஏன்?

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலும் அதைச் சுற்றியும் 2016 ஆகஸ்ட் முதல் 2017 ஜூன் வரை நடந்த 25 போலீஸ் ரெய்டுகளின் அறிக்கைகளை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் எடுத்துப் பார்த்தது. அந்த ரெய்டுகளில் மொத்தம் 45 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட சாவுகளுக்கு அந்த நாட்டு போலீஸ் சொன்ன விளக்கம் நமக்கும் பழக்கமானதுதான்: ‘அவன் துப்பாக்கியை எடுத்தான், நாங்கள் தற்காப்புக்காகச் சுட்டோம்.’ சான்றாக, இறந்தவரிடமிருந்து கைப்பற்றிய துப்பாக்கியும் காட்டப்படும்.

அந்தத் துப்பாக்கிகளின் சீரியல் நம்பர்களை ஐ.நா. அலுவலகம் ஒப்பிட்டது. 7 துப்பாக்கிகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொன்றும் குறைந்தது 2 இடங்களில் ‘கைப்பற்றப்பட்டிருந்தது’. அதில் 2 துப்பாக்கிகள் ஆளுக்கு 5 வெவ்வேறு சம்பவ இடங்களில் கிடைத்ததாக எழுதப்பட்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு ரெய்டில் இறந்தவரிடமிருந்து போலீஸ் எடுத்துக்கொண்ட துப்பாக்கி, பிறகு வேறொரு தெருவில் வேறொருவர் கையில் எப்படி இருக்கும்? 2020-ல் வெளியான இந்தச் சின்ன விவரத்துக்குள், சர்வதேச சட்டத்தின் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரு கொலை எந்தப் புள்ளியில் வெறும் கொலையாக இல்லாமல் ‘மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்’ ஆகிறது?

முன்னாள் அதிபர் ரோட்ரிகோ டுடெர்டே 2025 மார்ச் 11 அன்று மணிலாவில் கைது செய்யப்பட்டு, நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டது இந்தக் கேள்விக்காகத்தான். தன் நடவடிக்கைக்கு ‘போதைப்பொருளுக்கு எதிரான போர்’ என்று பெயர் வைத்தவர் அவர். ஆனாலும் அவர் மீது ஒரு போர்க்குற்றச்சாட்டு கூட இல்லை. குற்றச்சாட்டுகளை அவர் தரப்பு மறுக்கிறது. எதுவும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரே வகை சாவு, இரண்டு வகை வழக்கு

2017 ஆகஸ்ட் 16. மணிலாவை ஒட்டிய கலூகன் நகரில் 17 வயது பள்ளி மாணவன் ஒருவன் போலீஸ் ரெய்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் முதலில் சுட்டதாக போலீஸ் சொன்னது. அந்தப் பகுதி சிசிடிவி காட்சியிலோ போலீஸார் ஒருவனை இழுத்துக்கொண்டு போவது பதிவாகியிருந்தது. நாடே கொந்தளித்தது. 2018 நவம்பரில் உள்ளூர் நீதிமன்றம் 3 போலீஸ்காரர்களைக் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

அந்த நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்த கேள்விகள் எளிமையானவை. சுட்டது யார்? கொல்லும் நோக்கம் இருந்ததா? தற்காப்பு என்ற வாதம் நிற்குமா? அந்த 3 பேரும் எந்தச் சூழலில் சுட்டார்கள், நாடு முழுக்க இதேபோல எத்தனை பேர் செத்தார்கள், அதற்குப் பின்னால் யாராவது இருந்தார்களா என்பதெல்லாம் அந்த வழக்குக்குத் தேவையில்லை.

தி ஹேக்கில் நடப்பது நேர் எதிர். டுடெர்டே யாரையும் துப்பாக்கியால் சுட்டதாக அந்த வழக்கு சொல்லவில்லை. மற்றவர்கள் வழியாகக் குற்றம் செய்த கூட்டாளி என்றுதான் சொல்கிறது. எனவே அங்கே சுட்டவரைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தச் சாவு எதன் பகுதி என்றும் காட்ட வேண்டும்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டமான ரோம் சாசனத்தின் 7-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. கொலை, சித்திரவதை, பாலியல் வன்கொடுமை, ஆட்களைக் காணாமலாக்குதல் என்று 11 வகைச் செயல்களை அது பட்டியலிடுகிறது. இந்தச் செயல்கள் ‘பொதுமக்கள் மீதான பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் ஒரு பகுதியாக’, அந்தத் தாக்குதலைப் பற்றித் தெரிந்தே செய்யப்பட்டால்தான் அவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம். இல்லையென்றால் அது எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் சாதாரணக் கொலை வழக்குதான்.

‘தாக்குதல்’ என்றால் குண்டு போடுவது இல்லை

இங்கே ‘தாக்குதல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் டாங்கியும் விமானமும்தான் நம் மனதில் வரும். சட்டத்தில் அதன் பொருள் வேறு. பொதுமக்களுக்கு எதிராக இப்படிப்பட்ட செயல்கள் பலமுறை செய்யப்பட்ட ஒரு தொடர் நடத்தை. அவ்வளவுதான். ராணுவம் வேண்டியதில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டும் 5 போலீஸ்காரர்களே போதும், அதே தட்டல் ஊர் ஊராக, மாதக்கணக்கில் தொடர்ந்தால்.

‘கொல்லப்பட்டவர்கள் போதைப்பொருள் விற்றவர்கள்தானே, அவர்கள் எப்படிப் பொதுமக்கள்?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். பிலிப்பைன்ஸில் பலர் இதையே கேட்டார்கள். ஆனால், குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுவதால், ஏன், உண்மையிலேயே குற்றம் செய்ததால்கூட, ஒருவர் பொதுமக்கள் என்ற வட்டத்தை விட்டு வெளியேறிவிடுவதில்லை.

சரி, ‘பரவலான’, ‘திட்டமிட்ட’ என்ற இரண்டு சொற்களுக்கும் என்ன வித்தியாசம்?

‘பரவலான’ என்பது அளவு பற்றியது. எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், எவ்வளவு பெரிய பகுதியில், எவ்வளவு காலம்? இதற்கு இத்தனை பேர் என்று எந்த எண்ணும் நிர்ணயிக்கப்படவில்லை. டுடெர்டே ஆட்சியில் போலீஸ் நடவடிக்கைகளில் 6,000-க்கும் அதிகமானோர் இறந்ததாக அரசின் கணக்கே ஒப்புக்கொண்டது. 2016 ஜூலை முதல் 2019 மார்ச் வரை 12,000 முதல் 30,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது சர்வதேச நீதிமன்ற அரசுத் தரப்பின் மதிப்பீடு. இரண்டு கணக்குக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. ஆனால் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டாலும் ‘பரவலான’ என்ற சோதனையில் சிக்கல் இருக்காது.

‘திட்டமிட்ட’ என்பது ஒழுங்கு பற்றியது. தற்செயலாக இப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டா என்பதுதான் கேள்வி. இங்கேதான் அந்த சீரியல் நம்பர்கள் பேசுகின்றன. ஒரு போலீஸ்காரர் நிதானம் இழந்து சுட்டுவிட்டார் என்றால் அது தற்செயல். ஒரே துப்பாக்கி 5 இடங்களில் ‘கிடைக்கிறது’ என்றால், ரெய்டுக்குக் கிளம்பும்போதே அதைக் கையோடு கொண்டுபோனார்கள் என்ற சந்தேகம் வருகிறது. கொலைக்கு முன்பே அதற்கான விளக்கம் தயாராக இருந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டில் ஒன்று இருந்தால் போதும், ‘அல்லது’ என்றுதான் சட்டம் சொல்கிறது. டுடெர்டே மீதான பிடியாணையில் நீதிபதிகள் இரண்டுமே இருந்ததாக நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று சொன்னார்கள்.

சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும் நிபந்தனை

‘அல்லது’ என்று இருப்பதால் இது லேசான சோதனை என்று நினைத்துவிடாதீர்கள். அதே 7-வது பிரிவின் அடுத்த பகுதியில், ‘தாக்குதல்’ என்பதற்கான விளக்கத்தில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அந்தத் தொடர் நடத்தை ஒரு அரசின் அல்லது ஒரு அமைப்பின் கொள்கைப்படி நடந்திருக்க வேண்டும். ஆக, சாவு எண்ணிக்கை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பின்னால் ஒரு கொள்கை இல்லையென்றால் வழக்கு விழுந்துவிடும்.

‘கொல்லுங்கள்’ என்று கையெழுத்துப் போட்ட அரசாணை கிடைக்குமா? கிட்டத்தட்ட ஒருபோதும் கிடைக்காது. எனவே துண்டு துண்டான விஷயங்களைச் சேர்த்துத்தான் கொள்கையை நிறுவ வேண்டும். டுடெர்டே விஷயத்தில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் காகிதம். அவர் பதவியேற்ற மறுநாளே, 2016 ஜூலை 1 அன்று, தேசிய போலீஸ் தலைமை ஒரு சுற்றறிக்கை விட்டது. போதைப்பொருள் நபர்களை ‘நியூட்ரலைஸ்’ செய்வது பற்றி அது பேசியது. கைது செய்வதா, கொல்வதா? இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல் அது.

அடுத்தது பணம். இந்தக் கொலைகளுக்கு 20,000 பெசோவிலிருந்து 10 லட்சம் பெசோ வரை வெகுமதி கொடுக்கும் ஏற்பாடு இருந்ததாக, டுடெர்டேவுக்கு நெருக்கமாக இருந்த முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவர் 2024 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்.

மூன்றாவது அவரது வாய்ச்சொல். அதே மாதம் செனட் விசாரணையில் டுடெர்டே நேரில் வந்து, தான் தவாவோ நகர மேயராக இருந்தபோது 7 பேர் கொண்ட ஒரு கொலைப்படை வைத்திருந்ததாகச் சொன்னார். சந்தேக நபர்களை எதிர்த்துச் சண்டை போடத் தூண்டச் சொல்லி, அவர்கள் சண்டை போட்டால் கொல்லுமாறு அதிகாரிகளிடம் கூறியதாகவும் சொன்னார்.

இதையெல்லாம் பார்த்தபின் ஒரு விஷயம் உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயிரக்கணக்கானோர் இறந்ததாகச் சொல்லும் அரசுத் தரப்பு, 2025-ல் வெளியான குற்றச்சாட்டு ஆவணத்தில் பட்டியலிட்டது 76 கொலைகளைத்தான். மேயர் காலத்தில் தவாவோவில் 19, அதிபரான பிறகு ‘முக்கிய இலக்குகள்’ என்று குறிவைக்கப்பட்டவர்கள் 14, குடியிருப்புப் பகுதி ரெய்டுகளில் 43. மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் இல்லை. இந்த வகை வழக்குக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. 76 கொலைகள் ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டிய செயல்கள்: யார், எங்கே, எப்படி? ஆயிரக்கணக்கான மற்ற சாவுகள் தாக்குதல் ஒன்று நடந்ததைக் காட்டும் சூழல். பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். அதே காலத்தில் ஒரு போலீஸ்காரர் தன் சொந்தக் கடன் தகராறில் ஒருவரை வீட்டில் வைத்துக் கொன்றிருந்தால், அது கொலைதான். ஆனால் இந்தத் தாக்குதலின் பகுதி ஆகாது.

அப்படின்னா, போர்க்குற்றம் எங்கே வேறுபடுகிறது?

போர்க்குற்றத்துக்கு அடிப்படைத் தேவை ஒன்றுதான்: உண்மையான ஆயுத மோதல். அது இரு நாடுகளுக்கு இடையே இருக்கலாம். அரசுக்கும் ஒழுங்கமைக்கப்பட்ட ஆயுதக் குழுவுக்கும் இடையே நீடித்த சண்டையாகவும் இருக்கலாம். குற்றம் அந்த மோதலோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் போதைப்பொருள் நடவடிக்கையில் எதிரே எந்தப் படையும் இல்லை. இருந்தவர்கள் தெருமுனை வியாபாரிகள், போதைக்கு அடிமையானவர்கள், பட்டியலில் பெயர் வந்தவர்கள். ஒரு அதிபர் ‘போர்’ என்று அழைப்பதால் அது போர் ஆகிவிடாது.

இந்த வித்தியாசம் சும்மா பெயர் சமாச்சாரம் இல்லை. போர்ச் சட்டத்தில் எதிரிப் படைவீரரைச் சண்டையில் கொல்வது குற்றமே இல்லை. அமைதிக் காலத்தில் போலீஸுக்கு அந்த உரிமை கிடையாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே, வேறு வழி இல்லாதபோது மட்டுமே சுடலாம். அதனால், ஒரு நாட்டின் தலைவர் எல்லாவற்றையும் ‘போர்’ ஆக்கிப் பேசும்போது, கொல்வதற்கான எல்லையை அவர் சத்தமில்லாமல் தளர்த்துகிறார்.

இன்னொரு வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. போர்க்குற்றத்துக்கு ‘பரவலான’ என்ற நிபந்தனை கிடையாது. சரணடைந்த ஒரே ஒரு கைதியை ஒரே ஒரு சிப்பாய் கொன்றாலும் அது போர்க்குற்றம்தான். அங்கே பலியானவர் பொதுமக்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நிராயுதபாணியான படைவீரராகவும் இருக்கலாம்.

இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியவும் செய்யும். போர் நடக்கும்போதே பொதுமக்கள் மீது பரவலான தாக்குதலும் நடந்தால், ஒரே செயலுக்கு இரண்டு குற்றச்சாட்டும் வரலாம். இலங்கையில் நடந்த இறுதிப் போர் பற்றிய 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது அதனால்தான். அந்த விவாதத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதும் இயல்பு.

சரித்திரத்திலும் இரண்டும் ஒட்டிப் பிறந்தவைதான். 1945-ல் நூரம்பெர்க் நீதிமன்றத்தின் சட்டம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்தைப் போர் தொடர்பான குற்றங்களோடு கட்டிப்போட்டது. விளைவு, 1939-ல் போர் தொடங்குவதற்கு முன் ஜெர்மனிக்குள்ளேயே யூதர்கள் அனுபவித்த கொடுமைகளை அந்த நீதிமன்றத்தால் இந்தக் குற்றம் என்று பொதுவாக அறிவிக்க முடியவில்லை. தன் சொந்தக் குடிமக்களை அமைதிக் காலத்தில் ஒரு அரசு கொன்றால் யார் கேட்பது? 1998-ல் ரோம் சாசனம் போர் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. டுடெர்டே இன்று தி ஹேக்கில் இருப்பது அந்த மாற்றத்தால்.

சாவுகள் உண்மை, வழக்கு தோல்வி

அதற்காக, பிடியாணை வந்தாலே தண்டனை உறுதி என்று இல்லை. ஐவரி கோஸ்ட் நாட்டின் முன்னாள் அதிபர் லொரான் பக்போ வழக்கைப் பாருங்கள். 2010 தேர்தலில் தோற்றபின் அவர் பதவி விலக மறுத்தார். அதைத் தொடர்ந்த வன்முறையில் சுமார் 3,000 பேர் இறந்தார்கள். மனிதகுலத்துக்கு எதிரான குற்ற வழக்கில் 82 சாட்சிகள் வந்தார்கள்.

2019 ஜனவரியில், எதிர்த்தரப்பு தன் சாட்சிகளை அழைப்பதற்கு முன்பே, நீதிபதிகள் பெரும்பான்மையாக அவரை விடுவித்தார்கள். 2021 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. மக்கள் சாகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. பொதுமக்களைத் தாக்கும் ஒரு கொள்கை இருந்ததை, சம்பவங்களின் ஒற்றுமையை வைத்து அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. அவரது பொதுப் பேச்சுகள் குற்றத்துக்கான உத்தரவோ தூண்டுதலோ என்பதும் நிறுவப்படவில்லை.

டுடெர்டே வழக்கிலும் மோதல் நடக்கப்போவது இதே இடத்தில்தான். மேடையில் ஒரு அரசியல்வாதி வீராவேசமாகப் பேசுவதற்கும், அதைக் கேட்ட போலீஸ்காரர் அன்றிரவு ஒரு கதவைத் தட்டுவதற்கும் நடுவில் சங்கிலி இருக்கிறதா? சுற்றறிக்கை, வெகுமதி, சீரியல் நம்பர் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் மேலே இருப்பவர் நழுவிவிடலாம்.

நம் நாட்டில் இந்தக் குற்றம் இருக்கிறதா?

சட்டப் புத்தகத்தில் இல்லை. ரோம் சாசனத்தில் இந்தியா சேரவில்லை. போர்க்குற்றங்களில் ஒரு பகுதியையாவது 1960-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் தொடுகிறது. மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு அப்படி எதுவும் கிடையாது.

இது வெறும் ஏட்டுக் குறை அல்ல. 1984 நவம்பரில் டெல்லியில் சில நாட்களில் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் 5 பேரின் கொலைக்காக முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு 34 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பர் 17 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. நீதிபதிகள் எஸ்.முரளிதர், வினோத் கோயல் அமர்வு அந்தத் தீர்ப்பில், நடந்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்ற வகையைச் சேர்ந்தது என்று குறிப்பிட்டது. கூடவே, அந்தக் குற்றமோ இனப்படுகொலையோ நம் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? சட்டத்தில் அந்தக் குற்றமே இல்லாதபோது, 2,733 சாவுகளும் தனித்தனிக் கொலை வழக்குகளாகச் சிதறிவிடுகின்றன. கலூகன் நீதிமன்றத்தில் பார்த்தோமே, அதே கேள்விகள்: சுட்டது யார், வெட்டியது யார்? சாட்சி வந்தாரா? ‘இவை எல்லாம் எதன் பகுதி?’ என்ற கேள்வியே ஒரு குற்றச்சாட்டாக எழ வழியில்லை.

இந்தக் குற்றத்துக்கென்று உலகில் இன்னும் தனி ஒப்பந்தம் கூட இல்லை. இனப்படுகொலைக்கு 1948-லிருந்தும், போர்க் காலத்துக்கு 1949-லிருந்தும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இதற்கு ஒன்று எழுத, 2028, 2029-ல் மாநாடு கூட்டுவதென்று ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் முடிவெடுத்தது. ஒப்பந்தம் வந்தால், அதை ஏற்கும் நாடுகள் இந்தக் குற்றத்தைத் தங்கள் சட்டத்தில் எழுதியாக வேண்டும். இந்தியா அங்கே என்ன நிலை எடுக்கிறது என்பது, நம் நீதிமன்றங்களில் அந்தக் கேள்வி என்றாவது எழ முடியுமா என்பதையும் தீர்மானிக்கும்.